ஆறு லட்சம் என்றால் கையில் எவ்வளவு?

முதல் வேலையில் சம்பளம் பேச பெரும்பாலும் இடமே இருக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகிற ஐம்பது பேருக்கும் ஒரே தொகைதான். அதை மாற்றும் அதிகாரம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கிடையாது. பேசுவதற்கான வாசல் திறப்பது இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து முதல் முறை கம்பெனி மாறும்போதுதான். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் பலர் பேசாமல் விடுவதைவிட, தவறான எண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அவர்கள் பேசுவது சிடிசி. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து விழுவது வேறு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள ஒரு டெவலப்பர். இப்போதைய சிடிசி 4,20,000 ரூபாய். பிஎஃப், தொழில் வரி எல்லாம் போக மாதம் ஏறக்குறைய 30,500 கைக்கு வருகிறது. சென்னைக் கம்பெனி ஒன்றின் எச்ஆர் போனில் அழைத்து, “ஆறு லட்சம் தர்றோம், 43 சதவீத ஹைக்” என்கிறார். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று மனக்கணக்குப் போடும் பெண், அந்த இடத்திலேயே “சரி மேடம்” என்று சொல்லிவிடுவாள்.

அந்த ஆறு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் 60,000 வேரியபிள். கம்பெனியின் லாபத்தையும் அவளுக்குக் கிடைக்கும் ரேட்டிங்கையும் பொறுத்து வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். பேசிக் 3,00,000 என்றால் அதில் 12 சதவீதம், அதாவது 36,000 ரூபாய் கம்பெனி கட்டும் பிஎஃப். கிராஜுவிட்டிக்கு பேசிக்கில் 4.81 சதவீதம் என்று 14,430 ரூபாய். பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால்தான் அது கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 9,570 என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாம் போனால் மிச்சம் 4,80,000, மாதம் 40,000. அதிலும் அவள் பங்கு பிஎஃப் 3,000, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆக, கைக்கு 36,800. பிஎஃப் அவளுடைய சேமிப்புதான், அது வீணில்லை. ஆனால் சென்னையில் வாடகை கட்டப்போவது இந்த 36,800-லிருந்துதான். 43 சதவீத ஹைக் என்று கேட்டது கையில் சுமார் 21 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

அதனால் எச்ஆர் தொகையைச் சொன்னவுடன் சரி, வேண்டாம் என்று எதுவும் சொல்லவேண்டியதில்லை. கேட்கவேண்டியது இதுதான்: “ரொம்ப நன்றி மேடம். ஃபிக்ஸ்ட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவுன்னு பிரேக்-அப் மெயில்ல அனுப்ப முடியுமா? பார்த்துட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்.” இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அனுபவசாலிகள் எல்லோரும் கேட்பதுதான். பிரேக்-அப் தர மறுக்கிற கம்பெனி என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

இதற்கு முன்பே, முதல் அழைப்பிலேயே, “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டிருப்பார்கள். நாம் முதலில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஏறுவது கஷ்டம். “இந்த ரோலுக்கு என்ன பட்ஜெட் வெச்சிருக்கீங்கன்னு சொன்னா, அதை வெச்சுப் பேசலாம் மேடம்” என்று ஒருமுறை திருப்பிக் கேட்கலாம். சில சமயம் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் மறுபடி வற்புறுத்தினால் மழுப்பக் கூடாது. அதே அனுபவமுள்ள நண்பர்கள் நாலு பேரிடம் விசாரித்து வைத்த எண்ணை, கொஞ்சம் மேல்பக்கமாக வைத்துச் சொல்லிவிட வேண்டும். “அஞ்சரையிலிருந்து ஏழு வரை” என்று இரண்டு எண் சொன்னால் எதிரே இருப்பவர் காதில் விழுவது அஞ்சரை மட்டும்தான்.

மறுநாள் அந்தப் பெண் பேசுகிறாள்: “பிரேக்-அப் பார்த்தேன் மேடம். வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஜாவாவோட கிளவுட் வேலையும் ரெண்டு வருஷமா பண்றேன், உங்க ப்ராஜெக்டுக்கு அதுதான் தேவைன்னு இன்டர்வியூல சொன்னாங்க. ஃபிக்ஸ்ட் ஆறு லட்சம்னா எனக்கு ஓகே.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். போனில் இரண்டு நொடி சத்தம் இல்லை என்றதும் பதறி, “இல்லன்னா கொஞ்சம் கம்மின்னாலும் பரவால்ல மேடம்” என்று தானே குறைத்துவிடுவார்கள். எச்ஆர் அந்த நேரத்தில் பட்ஜெட் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காத்திருங்கள்.

அவர் திரும்ப வந்து, “மொத்தம் ஆறுக்கு மேல அப்ரூவல் இல்லம்மா” என்கிறார். பேச்சு இதோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மொத்தத்தைத் தொடாமல் உள்ளே இருப்பதை மாற்றச் சொல்லலாம்: “சரி மேடம், ஆறே இருக்கட்டும். வேரியபிளைக் குறைச்சு ஃபிக்ஸ்ட்ல சேர்க்க முடியுமா?” 60,000 வேரியபிள் 20,000 ஆகி, மீதி 40,000 ஃபிக்ஸ்ட் அலவன்ஸில் சேர்ந்தால், அதே ஆறு லட்சத்தில் கைக்கு வருவது மாதம் 40,100-ஐத் தொடும். சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் இதற்கு ஒத்துக்கொள்வது உண்டு. பெரிய கம்பெனிகளில் கிரேடுக்கு இத்தனை சதவீதம் வேரியபிள் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். அங்கே இது நடக்காது. அங்கே கேட்க வேண்டியது ஜாயினிங் போனஸ், அல்லது பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியடைக் குறைக்கக் கட்டவேண்டிய பணம். ஜாயினிங் போனஸ் ஒருமுறை தருவது என்பதால் அப்ரூவல் எளிதாகக் கிடைக்கும். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனை அதில் பொதுவாக இருக்கும், அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காரணமாக எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தங்கை கல்யாணம், அப்பாவின் கடன், சென்னை வாடகை: எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், மனசை அழுத்தலாம். ஆனால் எச்ஆர் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் அப்ரூவல் மெயிலில் இவற்றை எழுத முடியாது. ‘கிளவுட் தெரிந்தவர், 30 நாளில் சேருவார்’ என்றால் எழுத முடியும். 90 நாள் நோட்டீஸ் சகஜமாகிவிட்ட இந்தக் காலத்தில், சீக்கிரம் சேர முடிகிறவருக்கு அதுவே ஒரு பிடி.

பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் கடைசி மூன்று மாத பேஸ்லிப்பிலும் ஃபார்ம் 16-லும் தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகு பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் பிடிபட்டு வேலையும் போய், அடுத்த கம்பெனிக்குக் காட்ட ரிலீவிங் லெட்டரும் இல்லாமல் நிற்க நேரும். இல்லாத இன்னொரு ஆஃபரைச் சொன்னாலும் இதே ஆபத்துதான். “அந்த லெட்டரை அனுப்புங்க” என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு மறுநாள் போனஸ், அதற்கடுத்த நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் என்று வந்தால், உங்களுக்காக மேலே பேசிய எச்ஆருக்கே எரிச்சல் வரும். ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன் என்று மெயில் போட்ட பிறகு தொகையைத் திறப்பதும் அப்படித்தான்.

போனில் ஒத்துக்கொண்டது எதுவும் கணக்கில் சேராது. “நாம பேசினபடி ஃபிக்ஸ்ட் 5,80,000, வேரியபிள் 20,000 போட்டு ரிவைஸ்டு லெட்டர் அனுப்பினா, இன்னிக்கே அக்செப்ட் பண்ணிடறேன் மேடம்” என்று மெயில் எழுதி, அந்த லெட்டர் வந்து அனெக்ஸரில் இரண்டு எண்ணும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் பழைய கம்பெனியில் ராஜினாமா மெயில் போக வேண்டும்.