பாதியாக வெட்டினால் இருபது படி, தொடுகோட்டில் போனால் மூன்று

x³ − 2x − 5 = 0. நியூட்டன் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட சமன்பாடு இது. 1685-இல் ஜான் வாலிஸின் இயற்கணித நூலில் அச்சேறியது. இதன் தீர்வை இரண்டு வழிகளில் தேடிப் பார்க்கலாம்.

முதலாவது, இருசமக் கூறிடும் முறை. x-க்கு 2 என்று போட்டால் இடப்பக்கம் −1 வருகிறது. 3 என்று போட்டால் 16. குறி மாறுவதால் தீர்வு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். நடுப்புள்ளி 2.5-இல் விடை 5.625, அதாவது மிகை. எனவே தீர்வு 2-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்கிறது. அடுத்து 2.25, அதிலும் மிகை, 2.125-இலும் மிகை. 2.0625-இல் குறை வருகிறது. நான்கே வெட்டில் தீர்வு 2.0625-க்கும் 2.125-க்கும் நடுவே சிக்கிவிட்டது.

இந்த முறையில் எத்தனை படி ஆகும் என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். ஒவ்வொரு வெட்டிலும் இடைவெளி பாதியாகிறது. பத்து வெட்டில் 1024-இல் ஒரு பங்கு. இருபது வெட்டில் 10,48,576-இல் ஒரு பங்கு. ஆகவே பத்து லட்சத்தில் ஒரு பங்குத் துல்லியம் வேண்டுமானால் இருபது படி போதும். சமன்பாடு எதுவானாலும், தொடக்க இடைவெளி 1 என்றால் இந்தக் கணக்கு மாறாது. மேலும் மூன்று தசம இடம் வேண்டுமென்றால் இன்னும் பத்துப் படி.

இரண்டாவது, தொடுகோட்டு முறை. வளைவரையில் ஒரு புள்ளியில் தொடுகோடு வரைந்து, அது x அச்சை எங்கே வெட்டுகிறதோ அங்கே நகர்கிறோம். சாய்வு 3x² − 2. x = 2-இல் சாய்வு 10, மதிப்பு −1; அதனால் 0.1 முன்னே போய் 2.1-ஐ அடைகிறோம். அடுத்த படியில் 2.094568, அதற்கடுத்து 2.0945514817. உண்மையான தீர்வு 2.0945514815… மூன்றே படியில் ஒன்பது தசம இடங்கள் சரியாகிவிட்டன. தீர்வை நெருங்கியபின், சரியான இலக்கங்கள் படிக்குப் படி ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன.

ஆனால் இந்த வேகத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதே சமன்பாட்டை x = 0-இல் தொடங்கினால் −2.5, −1.567, −0.503, −3.82 என்று எங்கெங்கோ அலைகிறது. தொடக்கப்புள்ளி தீர்வுக்குத் தொலைவில் இருப்பதும், வழியில் சாய்வு சிறுத்துப்போகும் இடங்கள் குறுக்கிடுவதும்தான் காரணம். வெட்டும் முறைக்கும் ஒரு குறை உண்டு: (x − 2)² = 0 போன்ற சமன்பாட்டில் குறியே மாறாது, அதனால் எங்கே வெட்டுவது என்று தெரியாது.

குறி மாறும் இடைவெளி கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடுகோடு காட்டும் புள்ளி இடைவெளிக்குள் விழுந்தால் ஏற்கலாம். வெளியே விழுந்தால் பாதியில் வெட்டலாம். 0-இலிருந்து வந்த −2.5 என்ற எண், 2-க்கும் 3-க்கும் வெளியே இருப்பதால் தள்ளுபடி. பதிலுக்கு 2.5-இல் வெட்டி, அங்கிருந்து தொடுகோடு வரைந்தால் 2.164 கிடைக்கிறது. அது இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து தொடுகோடே வேகமாகக் கொண்டுசேர்த்துவிடும்.