ஒரு காது மட்டும் ஏன் சார்ஜ் ஏறவில்லை?

ஒயர்லெஸ் இயர்பட் ஜோடியை இரவு கேஸில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் இடது நூறு சதவீதம் காட்டுகிறது, வலது உயிரில்லாமல் கிடக்கிறது. பலரும் உடனே "பேட்டரி போயிடுச்சு" என்று முடிவுகட்டிப் புது ஜோடி தேடத் தொடங்குகிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட இயர்பட்களில் பலவற்றின் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. அதற்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கேஸுக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது, ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி இருக்கிறது. கேஸின் குழிக்குள் உற்றுப் பார்த்தால் தங்க நிறத்தில் இரண்டு மூன்று சின்ன ஊசிமுனைகள் தெரியும். அவை ஸ்பிரிங் வைத்த பின்கள். இயர்பட்டின் அடியில் அதே இடத்தில் தட்டையான உலோகப் புள்ளிகள் இருக்கும். காந்தம் இயர்பட்டைக் கீழே இழுக்கிறது, பின் புள்ளியைத் தொடுகிறது, மின்சாரம் ஏறுகிறது. இந்தத் தொடுகை ஒரு மயிரிழை விலகினாலும் அந்தப் பக்கம் மட்டும் சார்ஜ் நின்றுவிடும்.

அதனால் முதலில் தெரிய வேண்டியது, கேஸில் வைத்ததை அந்த இயர்பட் உணர்கிறதா என்பதுதான். அதில் கொஞ்சமாவது உயிர் இருக்கும்போது போனோடு இணைத்துப் பாட்டை ஓடவிட்டு, அதை மட்டும் கேஸில் வைத்து மூடுங்கள். பெரும்பாலான மாடல்களில் நல்ல இயர்பட் சில நொடிகளில் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். கோளாறு உள்ளது துண்டிக்காமல் கேஸுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தால் தொடுகை இல்லை என்று பொருள். இரவெல்லாம் அது இப்படி விழித்துக் கிடந்துதான் இருந்த சார்ஜையும் தீர்த்திருக்கும். அடுத்து, அதை விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அழுத்தும்போது விளக்கு எரிந்து, விரலை எடுத்ததும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம். கடையில் தனியாக வாங்கி மாட்டிய பெரிய ரப்பர் முனையோ, மேலே போட்ட சிலிக்கான் உறையோ இயர்பட்டைக் குழிக்குள் முழுதாக இறங்கவிடாமல் தடுப்பதும் உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். புதிதாக வாங்கியதென்றால் உலோகப் புள்ளிமேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடுகையைக் கெடுப்பது பெரும்பாலும் காது அழுக்கும் வியர்வையும்தான். காது மெழுகு எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. வியர்வை உலர்ந்தபின் உப்பு தங்குகிறது. வியர்வை ஈரத்தோடு கேஸில் போட்டு மூடினால் அந்த உப்பு, மின்சாரம் ஓடும் உலோகத்தை அரிக்கிறது. தங்க முலாம் தேய்ந்து அடியிலுள்ள செம்பு பச்சை பூத்திருந்தால் அரிப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் நடையும் ஓட்டமும் முடித்து வந்து நேரே கேஸில் போடுகிறவர்கள், அதற்குமுன் துணியால் துடைத்து இரண்டு நிமிடம் காற்றாட வைத்தாலே இதில் பாதி வராது.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உள்ளது. எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் சேர்க்கும் கிளிசரின் உலர்ந்தபின் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, இயர்பட்டின் புள்ளிகளைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக ஏதும் வராத வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒலி வரும் வலைமேல் ஆல்கஹால் படக் கூடாது. அங்கே உலர்ந்த மென்மையான டூத்பிரஷ் போதும். பச்சை பூத்த இடத்தைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

கேஸின் பின்களில்தான் பொறுமை தேவை. பல் குத்தும் மரக்குச்சியின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு பின்னையும் அழுத்திவிட்டால் அது துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டால் ஒரு துளி ஆல்கஹால் வைத்துப் பலமுறை மெல்ல அழுத்துங்கள், பெரும்பாலும் விடுபடும். குண்டூசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். இரண்டு பின்களையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகும், ஸ்பிரிங்கும் வளையும். நன்றாக உலர்ந்தபின் இயர்பட்டை வையுங்கள். அடியோடு தீர்ந்துபோன லித்தியம் பேட்டரிக்கு முதலில் மிகக் குறைந்த மின்சாரமே செலுத்தப்படும் என்பதால் விளக்கு எரியவில்லை என்று ஐந்து நிமிடத்தில் கைவிட வேண்டாம். கேஸையும் சார்ஜரில் மாட்டிச் சில மணி நேரம் விட்டுவிடுங்கள்.

கேஸில் வைத்ததும் துண்டித்துக்கொள்கிறது, ஆனால் சதவீதம் நகரவில்லை, அல்லது சார்ஜ் ஏறியும் ஒரு பக்கம் மட்டும் போனில் சேரவில்லை என்றால் ரீசெட் செய்து பார்க்கலாம். போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு `Forget` கொடுத்துவிட்டு, இரண்டையும் கேஸில் வைத்து, பட்டனை விளக்கு மின்னும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டன் எங்கே, எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். பின்பக்கம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் கேஸில், மூடியைத் திறந்துவைத்து 15 நொடி அழுத்தினால் விளக்கு ஆரஞ்சாக மின்னி வெள்ளைக்கு மாறும். ரீசெட், இயர்பட்கள் மனத்தில் வைத்திருக்கும் பழைய இணைப்புகளை அழித்துத் திரும்பத் தொடங்க வைக்கிறது. அழுக்கையும் தேய்ந்த பேட்டரியையும் அது ஒன்றும் செய்யாது. எனவே துடைத்த பிறகே ரீசெட்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் பேட்டரிதான். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவியின் இயர்பட்டில் வலது பக்கம் துடைத்தபின் ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது, ஆனால் சீக்கிரமே அணைந்தது. இரண்டையும் நூறாக்கி, ஒரே ஒலி அளவில், இரண்டு காதிலும் போட்டுப் பாட்டு கேட்கச் சொன்னேன். வலது ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் நின்றது, இடது மூன்றரை மணி நேரம் ஓடியது. காலியான வலது, கேஸில் வைத்தால் கால் மணி நேரத்தில் நூறு காட்டியது. தேய்ந்த பேட்டரியால் கொஞ்சம்தான் கொள்ள முடியும் என்பதால்தான் இந்த வேகம். நாற்பது காட்டும்போதே அணைவது, பாட்டுக்குத் தாங்கிப் போன் பேசும்போது சாவது ஆகியவையும் இதே குறிகள். பேசும்போது மைக்கும் சேர்ந்து இழுப்பதால் வலுவிழந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் சரிந்துவிடுகிறது. ஆன்லைன் வகுப்புகளை அவள் வலது காதில் மட்டும் போட்டுக் கேட்டுவந்தாள். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே தேய்மானம் தெரியும் பேட்டரி இது. வலது அந்தக் கணக்கை இடதைவிட வெகு முன்பே தொட்டுவிட்டது.

பேட்டரி மாற்றுவது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் பட்டன் வடிவச் செல் இருக்கிறது. மூடியைச் சூடாக்கிப் பிரித்து, அதே அளவுச் செல்லைப் பற்றவைக்கத் தெரிந்த மெக்கானிக் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைப்பார். திறந்தபின் பழையபடி வியர்வை தாங்காது. தண்டு உள்ள மாடல்களில் பேட்டரி பசையிட்டு அடைக்கப்பட்டிருப்பதால் பிரித்தாலே உடையும். அந்த இடத்தில் அதே மாடலின் ஒற்றை இயர்பட்டைச் சர்வீஸ் சென்டரில் கேட்பது நல்லது. வாங்கி வந்ததும் இரண்டையும் கேஸில் வைத்து மேலே சொன்ன ரீசெட்டைச் செய்தால்தான் புதியதும் பழையதும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஜோடி சேரும். இயர்பட்டின் ஓடு இணைப்பில் விரிந்திருந்தாலோ, சார்ஜில் கையைச் சுடும் அளவு சூடானாலோ மட்டும் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே கேஸிலிருந்து எடுத்து, எளிதில் தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். பிறகு குப்பையில் எறியாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.