போட்டிக் கடையின் விலையைப் படித்துச் சொல்லும் தொழில்

கோயம்புத்தூரில் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வருகிறார். "ஆன்லைன்ல 3,499 போட்டிருக்காங்க, நீங்க 3,900 சொல்றீங்களேண்ணா" என்று திரையைக் காட்டுகிறார். அந்த விலை காலையில் மாறியதா, ஒரு வாரமாக அப்படியே இருக்கிறதா என்று கடைக்காரருக்குத் தெரியாது. அவர் விற்கும் 200 பொருள்களுக்கும் நான்கு தளங்களில் என்ன விலை என்று தினமும் பார்க்க வேண்டுமானால் 800 பக்கங்களைத் திறக்க வேண்டும். கடைப்பையனை உட்கார வைத்துச் செய்கிற வேலை அல்ல அது.

இந்த வேலையைத்தான் பைத்தான் தெரிந்த இளைஞர்கள் மாதக் கட்டணத்துக்குச் செய்துகொடுக்கிறார்கள். நிரல் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, விலையை மட்டும் பொறுக்கி எடுத்து, அட்டவணையில் எழுதிவைக்கும். கடைக்காரர் காலையில் கடை திறக்கும்போது, எந்தப் பொருளின் விலை நேற்றைக்கு இன்று மாறியது என்ற பட்டியல் அவர் ஃபோனில் இருக்கும். இதற்கு வெப் ஸ்கிரேப்பிங் என்று பெயர்.

இதைக் கற்றுக்கொள்வதற்கென்றே `books.toscrape.com` என்று ஒரு தளம் இருக்கிறது. ஆயிரம் புத்தகங்கள், பக்கத்துக்கு 20 வீதம் 50 பக்கங்கள். இது பயிற்சிக்கான தளம், விலைகளுக்குப் பொருள் கிடையாது என்று அந்தத் தளமே முகப்பில் அறிவிக்கிறது. அதன் முதல் பக்கத்து விலைகளை எடுக்க இவ்வளவு போதும்:

```python
import requests
from bs4 import BeautifulSoup

url = "https://books.toscrape.com/catalogue/page-1.html"
r = requests.get(url, timeout=20)
r.raise_for_status()
soup = BeautifulSoup(r.content, "html.parser")
for b in soup.select("article.product_pod"):
    print(b.h3.a["title"], b.select_one(".price_color").text)
```

`requests` பக்கத்தைக் கொண்டுவருகிறது. `BeautifulSoup` அந்தப் பக்கத்தின் கட்டமைப்பைப் பிரித்து, `price_color` என்று குறிக்கப்பட்ட இடத்தைத் தேடித் தருகிறது. முதல் புத்தகத்துக்கு £51.77 என்று வரும். `r.content` என்ற இடத்தில் `r.text` என்று எழுதினால் அதே விலை Â£51.77 என்று வரும். பக்கம் எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்பதைத் தளம் தன் பதிலின் தலைப்பில் சொல்லவில்லை. `requests` பழைய முறை ஒன்றை ஊகித்துக்கொள்கிறது. நாணயக் குறி ஓர் எழுத்துதானே என்று முதல் எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு எண்ணாக மாற்றுகிற நிரல் அங்கேயே நின்றுபோகும். நின்றுபோவதும் ஒருவகையில் நல்லதுதான், தவறு உடனே கண்ணில் படுகிறது.

சத்தமில்லாமல் வரும் தவறுகள்தான் ஆபத்தானவை. கடைத் தளங்களில் ஒரு பொருளுக்கு அருகே பல எண்கள் இருக்கும்: அடித்துக் காட்டிய எம்.ஆர்.பி., இன்றைய விலை, தள்ளுபடிச் சதவீதம், மாதத் தவணை. "₹4,999 ₹3,499 30%" என்ற முழுத் துண்டையும் எடுத்து, எண் அல்லாதவற்றை நீக்கினால் 4999349930 என்று ஒரு விலை கிடைக்கும். அதையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். எம்.ஆர்.பி.யையே விற்பனை விலை என்று எடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. போட்டியாளர் 4,999க்கு விற்கிறார் என்று நம்பிக் கடைக்காரர் 4,500 போடுவார், பொருள் அலமாரியிலேயே கிடக்கும். இன்னொரு சிக்கல் பின்கோடு. தளம் பின்கோடைக் கேட்டு விலையையோ டெலிவரிக் கட்டணத்தையோ மாற்றினால், மும்பையில் இருக்கும் சர்வரிலிருந்து ஓடும் நிரல் மும்பை விலையைத்தான் கொண்டுவரும். கோயம்புத்தூர்க்காரருக்கு அது உதவாது.

அனுபவமுள்ளவர்கள் திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, முதலில் பக்கத்தின் உள்ளே `application/ld+json` என்ற பகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேடுபொறிகள் படிப்பதற்காகப் பல கடைத் தளங்கள் பொருளின் பெயர், விலை, நாணயம், இருப்பு ஆகியவற்றை அங்கே தனித்தனியாக எழுதிவைக்கின்றன. பக்கத்தின் தோற்றம் மாறினாலும் அது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

எதிலிருந்து எடுத்தாலும், எடுத்த விலையை அப்படியே நம்பக் கூடாது. விலை கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும். பூஜ்யம் போட்டால் சராசரி முழுவதும் கெட்டுவிடும். நேற்றைய விலையிலிருந்து பெரிதாக விலகியதை, 30 சதவீதத்துக்கு மேல் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம், அட்டவணையில் சேர்க்காமல் தனியே நிறுத்தி, மனிதர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரே தளத்தில் திடீரென்று பத்துப் பொருள்களுக்கு விலை வெறுமையாக வந்தால் அந்தத் தளம் தன் பக்க அமைப்பை மாற்றிவிட்டது என்று பொருள். இந்த மேற்பார்வைக்குத்தான் மாதக் கட்டணம். நிரலை ஒருமுறை எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு விலகுகிறவர் கடைக்காரருக்கு நன்மை செய்வதில்லை.

வேகம் அடுத்த விஷயம். 800 பக்கங்களை நிரல் சில நிமிடங்களில் இழுத்துவிடும். ஆனால் அந்தச் சுமையைத் தாங்குவது வேறொருவரின் சர்வர், அதற்கான செலவும் அவருடையது. பக்கத்துக்கு ஐந்து நொடி இடைவெளி விட்டால் 4,000 நொடி, ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு ஓடவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தளம் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பினால் மிக அதிகமாகக் கேட்கிறாய் என்று பொருள். இடைவெளியைக் கூட்ட வேண்டும். 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை என்று பொருள், நிறுத்த வேண்டும்.

இங்கிருந்து சட்டம் தொடங்குகிறது. தளத்தின் முகவரிக்குப் பின்னால் `/robots.txt` என்று அடித்துப் பாருங்கள். எந்தப் பகுதிக்குள் நிரல்கள் வர வேண்டாம் என்று தளம் அங்கே எழுதியிருக்கும். 1994இல் ஒரு வழக்கமாகத் தொடங்கிய இந்த முறை 2022இல் RFC 9309 என்ற இணையத் தரநிலையாக எழுதப்பட்டது. அந்த ஆவணமே, இந்த விதிகள் அனுமதி வழங்கும் ஏற்பாடு அல்ல என்று சொல்கிறது. `robots.txt` தடுக்கவில்லை என்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

தளத்தின் பயன்பாட்டு விதிமுறைகளையும் படிக்க வேண்டும். அமேசானின் விதிமுறைகள் பொருள் பட்டியல், விவரம், விலை ஆகியவற்றைத் திரட்டுவதற்கும், ரோபோ போன்ற கருவிகளைப் பயன்படுத்துவதற்கும் உரிமம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அப்படி எழுதியிருக்கும் தளத்தை ஸ்கிரேப் செய்து மாதாமாதம் காசு வாங்குவதை நான் ஏற்கவில்லை.

விதிமுறைக்கு எவ்வளவு பலம் என்பதை ஐரோப்பிய வழக்கு ஒன்று காட்டுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிஆர் ஏவியேஷன், குறைந்த கட்டண விமானங்களின் டிக்கெட் விலைகளை ஒப்பிட்டுக் காட்டி, தன் வழியாகப் பதிவு செய்பவர்களிடம் கமிஷன் வாங்கியது. அதற்கான தகவலை ரயன்ஏர் விமான நிறுவனத்தின் தளத்திலிருந்து தானியங்கி முறையில் எடுத்தது. ரயன்ஏர் தளத்தில் தேட வேண்டுமானால் விதிமுறைகளை ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். எழுத்துபூர்வ உரிமம் இல்லாமல் வணிக நோக்கத்துக்குத் தானியங்கி முறையில் தகவல் எடுக்கக் கூடாது என்பது அந்த விதிமுறைகளில் ஒன்று. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரி 15 அன்று வந்த தீர்ப்பைப் பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தகவல் தொகுப்புக்குக் காப்புரிமையோ தொகுப்புக்கான தனி உரிமையோ இல்லாவிட்டால், தொகுப்பைப் பயன்படுத்துவோருக்கு ஐரோப்பியச் சட்டம் கொடுக்கும் சலுகைகளும் அங்கே பொருந்தாது. ஆகவே தள உரிமையாளர் ஒப்பந்தத்தின் மூலம் கட்டுப்பாடு விதிக்கலாம், அது அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்றது நீதிமன்றம். விலை யாருக்கும் சொந்தமில்லை என்ற வாதம் சரியாகவே இருந்தாலும், டிக் போட்டு ஏற்ற ஒப்பந்தத்திலிருந்து அது விடுதலை தராது.

இந்தியாவிலும் வெறும் விலைக்குக் காப்புரிமை கோருவது கடினம். ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் மோடக்குக்கும் இடையிலான வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உழைத்துத் தொகுத்தால் மட்டும் போதாது, ஓரளவாவது படைப்புத் திறன் வேண்டும் என்றது. பொருளின் புகைப்படமும் விளக்க எழுத்தும் வேறு கணக்கு. அவற்றை அள்ளக் கூடாது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு இதைவிட அகலமானது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதும், அதிலிருந்து தகவலைப் பதிவிறக்குவதும், நகல் எடுப்பதும், அதன் இயக்கத்தைக் குலைப்பதும் இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் அல்லது மோசடியாகச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே தடுக்கப்பட்ட பின் நடந்துகொள்ளும் விதம் முக்கியம். 403 வந்ததும் பலர் வேறு வேறு வீட்டு இணைப்புகளின் முகவரிகளை வாடகைக்கு எடுத்து அவற்றின் வழியாக நுழைகிறார்கள், கேப்சாவைத் தீர்த்துத் தரும் சேவைக்குப் பணம் கட்டுகிறார்கள், போலிக் கணக்கு தொடங்கி லாகின் செய்கிறார்கள். உரிமையாளர் கதவைச் சாத்தியது தெரிந்தே உள்ளே போனார் என்பதற்கு இவையே சான்றாகிவிடும். அமெரிக்காவில் லிங்க்ட்இன் தளத்தை ஸ்கிரேப் செய்த ஹைக்யூ நிறுவனம், யாரும் பார்க்கக்கூடிய பக்கங்களை எடுப்பது கணினிக் குற்றமாகாது என்ற வாதத்தில் 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ஸ்கிரேப்பிங் செய்தும் போலிக் கணக்குகளைப் பயன்படுத்தியும் லிங்க்ட்இன் ஒப்பந்தத்தை மீறியது என்று தீர்ப்பானது. பின்னர் ஐந்து லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

நேர்வழி பல இடங்களில் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கடைக்காரர் அமேசானில் பதிவு பெற்ற விற்பனையாளராக இருந்தால், அமேசான் தன் விற்பனையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் செல்லிங் பார்ட்னர் ஏ.பி.ஐ. மூலம், அங்கே விற்கப்படும் பொருள்களின் போட்டி விலைகளை அனுமதியோடு பெறலாம். சிறு தளங்களுக்கு, என்ன எடுக்கிறோம், நாளுக்கு எத்தனை முறை, எதற்காக என்று ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். மறுத்தால் அந்தத் தளத்தை விட்டுவிட்டு, நான்கில் மூன்று தளங்களின் விலையைத்தான் தர முடியும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளங்கள், எந்த அனுமதியின்பேரில், விலையுடன் விற்பவரின் பெயரோ விமர்சனம் எழுதியவரின் பெயரோ எடுக்கப்படாது, தளம் தடுத்தால் அன்றே நிறுத்தப்படும் என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே முதல் பக்கத்தைத் திறக்கும் நிரலை ஓடவிடுங்கள்.