டோட்டோரோவிடம் ஜப்பானிய மொழி

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குபவருக்கு சாமுராய் படங்களைவிட, ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988) உகந்தது. அக்கா சாட்சுகியும் தங்கை மேயும் வீட்டில் பேசும் சின்னச் சின்ன வாக்கியங்கள் அதில் நிறைய.

முதலில் தெரிந்த மொழி சப்டைட்டிலோடு கதையைப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் ஜப்பானிய சப்டைட்டிலோடு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எழுத்து பேச்சோடு ஒத்துப்போக வேண்டும். சுருக்கி எழுதியிருந்தால் குழப்பிவிடும். மறுநாளும் அதே காட்சிதான். கண்ணை மூடினாலும் சொற்கள் தனித்தனியாகக் கேட்டால் அடுத்த காட்சிக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: சிறுமிகள் அப்பாவிடம் பேசும் உரிமைப் பேச்சு, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப்படும். அங்கே ‘தெஸ்’, ‘மஸ்’ என முடியும் வாக்கியங்களே வேண்டும். அவற்றுக்கு அலுவலகக் கதைகளைப் பாருங்கள்.