லாட நண்டும் மடக்கையும்

அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்திலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் குதிரைலாட நண்டு, கரையேறி முட்டையிடும். ஒவ்வொரு பெண் நண்டின் முதுகையும் ஓர் ஆண் பற்றியிருக்க, வேறு சில ஆண்களும் சுற்றி மொய்ப்பதுண்டு. 173 பெண் நண்டுகளைப் பற்றிய தரவு ஒன்று புள்ளியியல் பாடநூல்களில் புகழ்பெற்றது. ஓட்டின் அகலம் கூடினால் மொய்க்கும் ஆண்களும் கூடுமா என்பதே கேள்வி.

பழகிய நேர்கோட்டைப் போட்டால் சிக்கல் வரும். எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, கோடு போகும். சிறிய நண்டுக்கு மைனஸ் அரை ஆண் என்று விடை வந்தால் யார் ஏற்பார்?

இதற்கு வழி சொல்வதே இணைப்புச் சார்பு. சராசரியை நேரடியாகக் கோட்டில் வைக்காமல், அதன் மடக்கையை வைப்பார்கள். மடக்கை எந்த எண்ணாகவும் இருக்கலாம். அதைத் திருப்பினால் கிடைப்பது எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்தான். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: மடக்கை எடுப்பது தரவுக்கு அல்ல, சராசரிக்கு. தரவுக்கே எடுத்தால் ஒரு ஆண்கூட மொய்க்காத 62 நண்டுகளிடம் கணக்கு நின்றுவிடும், பூஜ்யத்துக்கு மடக்கை இல்லையே. ஆம், இல்லை என்ற விடைகளுக்கு வேறு இணைப்பு உண்டு. இந்த மாதிரிகளையெல்லாம் 1972-இல் நெல்டரும் வெட்டர்பர்னும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார்கள். ஆர் மென்பொருளில் ஒரே வரி:

```
glm(satell ~ width, family = poisson, data = crabs)
```

விடை: மடக்கை = −3.305 + 0.164 × அகலம். 0.164-ஐத் திருப்பினால் 1.18. அதாவது, அகலம் ஒரு செ.மீ. கூடினால் எதிர்பார்க்கும் ஆண்கள் 18 சதவீதம் கூடுகிறார்கள். 24 செ.மீ. நண்டுக்கு 1.9, 28 செ.மீ. நண்டுக்கு 3.6. மடக்கை இணைப்பில் விளைவு கூட்டலாக வராது, பெருக்கலாக வரும்.

ஆனால் பாய்சான் பரவலுக்கு ஒரு பிடிவாதம்: சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். இங்கே அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் சராசரி 2.9, பரவற்படியோ 9.9. சராசரி 2.9 உள்ள பாய்சான் பரவலில் ஆண் மொய்க்காதவை சுமார் 9 நண்டுகள்தான் இருக்கும், இருந்ததோ 62. அகலத்தைச் சேர்த்த பிறகும் எச்ச விலகல் 568, கட்டின்மைப் படிகள் 171. ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டிய விகிதம் மூன்றைத் தாண்டுகிறது. கணினி இதற்காக எச்சரிக்கை எதுவும் தராது; பார்ப்பவர்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் 0.02 என்ற திட்டப்பிழையை நம்பி, இல்லாத துல்லியத்தை இருப்பதாக எண்ண நேரும்.

பரவற்படி தனியே விரிய இடம்தருவது எதிர்மறை ஈருறுப்பு மாதிரி. இணைப்பு அதே மடக்கைதான். அதில் கெழு 0.19 ஆகிறது, திட்டப்பிழை 0.05-ஐ நெருங்குகிறது. இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்த அந்தப் பிழையோடும் அகலத்தின் தொடர்பு நிலைக்கிறது.