கையெழுத்துப் போடாதவர் யார்?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி ஒரு மருத்துவமனை புதிய கொள்கை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று ஊழியர்கள் கையெழுத்திட்ட தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டு எச்.ஆர். பிரிவுக்கு வந்துவிட்டன. விடுபட்டவர்கள் யார்?

கையெழுத்திடாதவரின் பெயர் பெரும்பாலும் அந்தத் தாள்களில் இருக்காது. ஆகவே, தேடலைச் சம்பளப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் போதாது. இந்தச் சட்டப்படி ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்களும், தினக்கூலிகளும், பயிற்சியாளர்களும் ஊழியர்களே. துப்புரவுப் பணியாளர்களையும் காவலாளிகளையும் சேர்க்காவிட்டால் பட்டியல் தொடக்கத்திலேயே பிழையாகிவிடும். நம் மருத்துவமனையில் சம்பளப் பட்டியலில் 184 பேர், ஒப்பந்தத்தில் 46 பேர், மொத்தம் 230.

அடுத்து, தாள்களைப் பார்த்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் உரிய பணியாளர் எண்ணையும் தாள் எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டும். பெயரை நம்பக் கூடாது. ‘எஸ். லட்சுமி’ இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவரே தன் பெயரை இரண்டு விதமாக எழுதுவார். கையெழுத்தைக் கணினி தானாகப் படிப்பதிலும் பிழை அதிகம். பெயர் அச்சிட்டிருந்தும் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தால், அதைப் பதியக் கூடாது.

இந்த எண்களை எக்செல்லில் ‘Signed’ என்ற தாளின் முதல் பத்தியில் வைத்து, முழுப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நேராக இந்தச் சூத்திரத்தை இட வேண்டும்:

```
=COUNTIF(Signed!A:A,A2)
```

விடை 0 என்றால் அவருடைய கையெழுத்து கிடைக்கவில்லை. 2 என்றால் இரண்டு தாள்களில் போட்டிருக்கிறார்.

தாள்களில் 207 கையெழுத்துகள் இருந்தன. இருமுறை வந்தவை 6, வேலையை விட்டுப் போனவர்களுடையவை 3. இவற்றைக் கழித்தால் 198. விடுபட்டவர்கள் 32 பேர். அந்த 32-இல் ஆய்வகத்தின் 14 பேரும் அடக்கம். ஒரு துறை முழுவதும் விடுபட்டால், ஆட்களைக் கேட்பதற்கு முன் தாளைச் சந்தேகிக்க வேண்டும். மூலத் தாளை எடுத்துப் பார்த்தபோது 14 கையெழுத்துகளும் பின்பக்கத்தில் இருந்தன. ஸ்கேன் செய்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தார்.

மீதி 18 பேர்: செவிலியர் 7, துப்புரவு 6, காவல் 3, மருந்தகம் 2. துறையை முழுப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் பக்கத்து வார்டின் தாளில் கையெழுத்திட்டிருக்கலாம்.

பட்டியலில் காரணத்துக்கும் ஒரு பத்தி தேவை. பிரசவ விடுப்பில் இருப்பவரையும் கையெழுத்திட மறுத்தவரையும் ஒன்றாக எண்ணுவது அநியாயம். எந்தத் தேதி வரையிலான நிலவரம் என்பதையும் மேலே எழுதி, அந்தந்தத் துறைத் தலைவருக்கு அவருடைய துறைப் பெயர்களை மட்டும் அனுப்ப வேண்டும்.