இலவச விளையாட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

கோழி ஒன்று சாலையைக் கடக்கும் கைபேசி விளையாட்டை நீங்கள் ஆடியிருக்கலாம். கிராஸி ரோடு என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குழுவினர் 2014-இல் வெளியிட்டது. ஆடக் கட்டணமில்லை, ஆனாலும் முதல் 90 நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஈட்டியது. எப்படி?

'விரும்பினால் விளம்பரம் பாருங்கள், நாணயங்கள் தருகிறோம்' என்று ஒரு பொத்தான் தோன்றும். நாணயம் சேர்ந்தால் கோழிக்குப் பதில் வேறொரு பிராணி கிடைக்கும். காசு கொடுத்தும் வாங்கலாம். ஆனால் அது கோழியைவிட வேகமாக ஓடாது! காசு கொடுத்தவருக்கு ஆட்டத்தில் சலுகை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் விளம்பரத்தைத் திணிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாளுக்கு 6 விளம்பரம் பார்க்கிறார். சலித்துப்போய் 2 நாளில் விளையாட்டை நீக்கிவிடுகிறார். மொத்தம் 12. விரும்பிப் பார்ப்பவரோ நாளுக்கு 2 தான் பார்க்கிறார். ஆனால் 10 நாள் ஆடுகிறார். மொத்தம் 20.

இவை கற்பனை எண்கள். உண்மையை அறிய, ஆடுவோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு முறையைக் கொடுக்க வேண்டும். மறுநாளும் ஏழாம் நாளும் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். முதல் நாள் வசூலை மட்டும் பார்த்தால் திணிப்பே வென்றதாகத் தோன்றும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொரு சபலமும் உண்டு. ஒரு கட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்கினால் பொத்தானை அழுத்துவோர் பெருகுவர். அப்போது விருப்பம் என்பது பெயரளவில்தான். விளம்பரம் பார்த்தவர்களே அதே கட்டத்தில் கூட்டமாக விலகினால் அதுவே அறிகுறி. அந்தக் கட்டத்தை எளிதாக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.